அடுத்த வரியில் விழுந்த எண்

“வண்டியை எடுங்கம்மா! கேட்டை மறிச்சா போலீஸ்தான் வரும்!”

“வரட்டும். வர்றவங்களுக்கு இந்த இலையையே கொதிக்க வெச்சு டீ போட்டுக் குடுக்கிறேன். குடிச்சுப்போட்டு நான் சாகடிச்சேனான்னு சொல்லட்டும்!”

வாட்ச்மேன் பொன்ராஜ் பிடித்த குடை காற்றில் மடங்கியது. மருதாம்பாளின் பிக்கப் வண்டி ஃபேக்டரி வாசலுக்குக் குறுக்கே நின்றது. வண்டியின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

ராஜப்ரியா படிகளில் இறங்கி ஓடி வந்தாள். மழைக்கோட்டுக்குக்கூட நேரமில்லை. ஃபேக்டரியின் தரக்கட்டுப்பாட்டு அலுவலர் அவள். பி.எஸ்ஸி வேதியியல் முடித்தவள். கலர் பார்த்து, வாசனை பார்த்து, ஈரப்பதம் பார்த்து வந்த வேலை கடந்த ஒரு மாதமாக மாறியிருந்தது. இப்போது அவள் அதிகமாகப் பார்ப்பது மனிதர்களின் கோபத்தை.

அவள் நேராக வண்டியின் பின்பக்கம் போய் ஒரு சாக்குக்குள் கையை விட்டாள். இலை வெதுவெதுப்பாக இருந்தது. பறித்த இலை சாக்கில் அடைபட்டால் தானாகச் சூடேறும். இன்னும் கொஞ்ச நேரம் போனால் சிவந்துபோகும். சிவந்த இலை எருவுக்குத்தான் ஆகும்.

“தொட்டுப் பாத்தியா அம்மணி? காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி கெடக்குது” என்றார் மருதாம்பாள். குரல் ஒரு நொடி இறங்கி மறுபடி ஏறியது. “உனக்கென்ன, உன்ற ஊட்டுக்காரர் காலையிலேயே வந்து இலையைக் கொட்டிப்போட்டு, சீட்டை வாங்கிட்டு, விசிலடிச்சுட்டுப் போய்ட்டாரு. நாங்கதான விஷம் வெச்சவங்க!”

ராஜப்ரியா தலையைத் திருப்பினாள். வாசல் பக்கத்துக் கரும்பலகையில் மூன்று பெயர்கள் எழுதியிருந்தன. கே-8 காத்தமுத்து. கே-41 மருதாம்பாள். கே-52 பொன்னாயி. மேலே சிவப்புச் சாக்பீஸில்: ‘மருந்து அளவு மீறியது. இந்த சீசன் முழுக்க இலை எடுக்கப்பட மாட்டாது.’

சீசன் முழுக்க. அந்த இரண்டு வார்த்தைதான் ஆளைக் கொல்லும். தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்த வருடம் அது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இரண்டு ஃபேக்டரிகளின் வாசலில் பூட்டுத் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. கேத்தி ஊரில் பலர் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட ஆரம்பித்திருந்தார்கள். மருதாம்பாளின் தோட்டம் சரிவில் இருந்தது. அங்கே கேரட் நிற்காது. இந்த ஃபேக்டரி வாங்காவிட்டால் அவருடைய இலையை வாங்க மலையில் வேறு ஆள் கிடையாது.

“நான் மருந்தே அடிக்கலீங்க” என்றார் அவர், இப்போது பொன்ராஜைப் பார்த்து. “மருந்து வாங்க எனக்கு வக்கேது? வேப்பம்புண்ணாக்கு கரைச்சு ஊத்தறேன். என்ற செடியில பாதி இலையைக் கொசு கடிச்சுக் கருக்கிப்போட்டுது. வந்து பாருங்க! மருந்தடிச்ச செடியா அது?”

ராஜப்ரியாவின் கை சாக்கில் இருந்த இலையை ஒரு பிடி வெளியே எடுத்தது. உண்மைதான். கொழுந்தில் தேயிலைக்கொசு கடித்த பழுப்புப் புள்ளிகள் அம்மைத்தழும்பு மாதிரி இறைந்து கிடந்தன. மருந்து அடித்த செடியில் இப்படி இருக்காது.

“அக்கா, பத்து நிமிஷம். வண்டியை ஓரமா நிறுத்துங்க. சாக்குகளைப் பிரிச்சு, தார்ப்பாய்க்கடியில இலையைப் பரப்பி விடுங்க. காத்து படட்டும்.”

“பத்து நிமிஷத்துல என்ன பண்ணப்போறே?”

“தெரியலை” என்றாள் ராஜப்ரியா. அதுதான் உண்மை. திரும்பி ஓடினாள்.

---

மேனேஜர் மனோகரன் இந்த ஃபேக்டரிக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய மேஜையில் இரண்டு போன்கள் மாறி மாறி அலறிக்கொண்டிருந்தன. ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டே இன்னொன்றைப் பார்த்து, “எடுக்காதே, அது ஏஜென்ட்” என்றார் யாரிடமோ. அறையில் யாரும் இல்லை.

ஏஜென்ட் என்றால் வெளிநாட்டு வியாபாரியின் ஆள். இந்த விலைச் சரிவில் ஃபேக்டரியை நம்பி ஒரு கன்டெய்னர் டீ கேட்ட ஒரே புண்ணியவான். ஒரு நிபந்தனை: இலை கொடுக்கும் ஒவ்வொரு தோட்டத்தின் இலையையும் பரிசோதித்து, குறிப்பிட்ட பூச்சிமருந்து ஒரு கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தோட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்த பட்டியல் இன்று மாலைக்குள் அவருக்குப் போக வேண்டும்.

“சார், மருதாம்பாள் ரிசல்ட்ல எனக்குச் சந்தேகமா இருக்கு. இலையைப் பார்த்தாலே தெரியுது.”

“பார்த்தா தெரியும்னா லேப் எதுக்கும்மா?”

“லேப் அனுப்பின ஒரிஜினலைப் பார்க்கலாமா?”

“அக்கவுன்ட்ஸ் கிருத்திக் அதைத்தானே காப்பி பண்ணி எக்செல்ல போட்டான்? ரெண்டு தடவை பார்த்தானாம். நான் இப்ப எதை ஆராய? கேட்டை மறிச்சிருக்கிற வண்டியையா, போன்ல கத்தற ஆளையா, உன் சந்தேகத்தையா?”

“எனக்கு அந்த ஃபைலை மட்டும் மெயில்ல தள்ளி விடுங்க சார். போதும்.”

அவர் அனுப்பினார். அல்லது அனுப்பியதாகச் சொன்னார். ராஜப்ரியாவின் பழைய கம்ப்யூட்டரில் மெயில் வட்டம் சுற்றியது. மேகம் இறங்கினால் இந்தச் சரிவில் இன்டர்நெட் முதலில் செத்துப்போகும். அவள் கோயமுத்தூர் லேபுக்குப் போன் போட்டாள்.

பாட்டு. பாட்டுக்கு நடுவே, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’. மறுபடி பாட்டு.

கடைசியாக ஒரு பெண் எடுத்தாள். “மேடம், ரிசல்ட் போன்ல சொல்ல மாட்டோம். ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதுதான்.”

“ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னுதானே கேக்கறேன்.”

“ரிப்போர்ட்ல பாருங்க மேடம்.”

போன் வைக்கப்பட்டது. ராஜப்ரியா ரிசீவரை ஓங்கி வைத்தாள். பேனா ஸ்டாண்ட் கவிழ்ந்தது.

---

ஃபைல் வந்து திறந்தபோது அவளுக்கு முதலில் தோன்றியது எறும்புப் புற்று. குறுக்குவாட்டில் இரண்டு பக்கம். பதினாறு மருந்துகளுக்குப் பதினாறு பத்திகள். ஒவ்வொரு பத்தியும் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. பதினைந்து பத்திகளில் எல்லாத் தோட்டத்துக்கும் ‘BLQ’ என்றுதான் இருந்தது. கருவிக்கு எட்டும் அளவுக்குக்கூட மருந்து இல்லை என்று அர்த்தம். கடைசிப் பத்தியில் மட்டும்தான் எண்கள். தேயிலைக்கொசுவுக்கு அடிக்கும் அந்த ஒரே மருந்து.

இதைக் கண்ணால் படித்தால் கண் போய்விடும். அவள் கிருத்திக் செய்ததையே செய்தாள். மொத்தப் பட்டியலையும் தேர்ந்தெடுத்தாள், காப்பி செய்தாள், எக்செல்லில் கொண்டுவந்து ஒட்டினாள்.

வந்து விழுந்ததைப் பார்த்ததும் தலை சுற்றியது. ஒரு தோட்டத்துக்கு ஒரு வரி இல்லை. இரண்டு வரி. முதல் வரியில் தோட்டத்தின் குறியீடு, பதினைந்து BLQ, கடைசியில் ‘0.0’. அதற்குக் கீழ் வரியில் அநாதையாக ஒரு எண். 214. அடுத்த தோட்டம், அதே கதை. கீழே 187. அடுத்து 310.

பத்தி அகலம் போதாமல் எண் செல்லுக்குள்ளேயே உடைந்து, மிச்சம் அடுத்த வரியில் விழுந்திருக்கிறது. காப்பி செய்யும்போது உடைந்தது உடைந்தபடியே வந்துவிட்டது.

கே-41 எங்கே? உருட்டினாள். இதோ. ‘0.0’. கீழே: 93.

0.0 பக்கத்தில் 93. 0.093. எல்லை 0.05.

கிருத்திக்கின் பட்டியலில் இருந்த அதே எண். மாற்றமே இல்லை. ராஜப்ரியா நாற்காலியில் சாய்ந்தாள். வெளியே மருதாம்பாளின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு கேட்டது. யாரிடமோ, “எம்பட தோட்டத்துக்கு வந்து ஒரு மருந்து டப்பாவைக் காட்டு, நான் இந்த மலையை விட்டே போறேன்” என்று சவால் விட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அவரிடம் போய் என்ன சொல்வது? நானும் பார்த்துட்டேன் அக்கா, நீங்கதான் பொய் சொல்றீங்க என்றா?

கைபேசி ஒலித்தது. கணவன் சக்தி. “என்ன, சாப்பிட்டியா?”

“இல்ல. இங்க ஒரே ரகளை.”

“கேள்விப்பட்டேன். மருதாம்பாக்கா மாட்டிக்கிச்சாமே. நாம ஊர்ல எல்லாருக்கும் முன்னால இலையைக் கொட்டியாச்சு. ரெண்டாம் நம்பர் ட்ரஃப் தொட்டியில காயுது. பொன்ராஜ் அண்ணனே சொன்னாரு, இந்த மலையில கொசுவே படாத இலை உங்களுதுதான்னு. பாத்தியா, நான் சொன்னேன்ல?”

“அப்புறம் பேசறேன்” என்று வைத்தாள்.

கிருத்திக் உள்ளே எட்டிப் பார்த்தான். அக்கவுன்ட்ஸ் பார்ப்பவன். நல்லவன், அவசரக்காரன். எக்செல்லில் ஒரு ஃபார்முலா போட்டுவிட்டால் உலகம் ஒழுங்காகிவிடும் என்று நம்புகிறவன்.

“அக்கா, என் மேல சந்தேகமா?”

“உன் மேல இல்ல. எண் மேல. நீ எப்படிச் சேர்த்தே?”

“இடைவெளி இருக்கிற இடத்துல வரியை வெட்டினேன். 0.0 எல்லாம் வெறும் 0 ஆயிடுச்சு. அது எக்செல்லோட குணம். முதல் பாதி எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு அந்தப் பத்தியையே தூக்கிட்டு, ‘0.0’-வோட கீழ்த்துண்டைச் சேர்க்கச் சொல்லி ஒரு ஃபார்முலா. இழுத்து விட்டேன். முடிஞ்சுது. ரெண்டு தடவை பார்த்தேன்க்கா, சத்தியமா.”

“நானும் பார்த்தேன். அதே 93-தான் வருது.”

“அப்ப அந்தம்மாதான்…”

“வாயை மூடு” என்றாள் ராஜப்ரியா. அவன்மேல் வந்த கோபம் இல்லை அது.

அவன் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த தாளை இழுத்தாள். மேலிருந்து கீழே விரல் ஓட்டினாள். 0.0214. 0.0187. 0.0310… 0.061… 0.0276. 0.0402. 0.0195. 0.0120. 0.0333. விரல் மேலே திரும்பியது. நின்றது.

“கிருத்திக், இதுல என்ன வித்தியாசம் தெரியுது?”

“அது காத்தமுத்து அண்ணன். அளவுக்கு மேல.”

“அளவை விடு. எண்ணைப் பார். எல்லாருக்கும் புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம். இவருக்கு மட்டும் மூணு.”

அவன் குனிந்தான். அவள் விரல் கீழே இறங்கியது. மருதாம்பாள், 0.093. மூன்று இலக்கம். பொன்னாயி, 0.057. மூன்று. வேறு யாருக்காவது? இல்லை. ஒருவருக்கும் இல்லை.

“ஒரே லேப். ஒரே மெஷின். எல்லாருக்கும் நாலு இலக்கம் சொல்ற மெஷின், தள்ளிவெச்ச மூணு பேருக்கு மட்டும் ஒரு இலக்கத்தை மிச்சம் பிடிச்சுக்குமா?”

கிருத்திக் தாளைத் தன் பக்கம் இழுத்தான். “அக்கா… எக்செல்லு…”

“ஆமா. 0.0-வை 0 ஆக்கின அதே குணம்.”

அவள் பி.டி.எஃப்-ஐப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். எழுத்துகள் திரையில் செங்கல் அளவுக்கு வந்தன. கே-41. கடைசிச் செல். மேலே 0.0. கீழே, 93 இல்லை.

093.

எக்செல்லைப் பொறுத்தவரை ஒரு வரியில் தனியாக நிற்கும் 093 ஒரு எண். எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை. தூக்கி எறிந்துவிட்டு 93 என்று வைத்துக்கொள்ளும். ஆனால் இங்கே அந்தப் பூஜ்ஜியம் முன்னால் நிற்கவில்லை. உடைந்துபோன எண்ணின் நடுவில் நின்றது.

0.0093.

எல்லையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வந்து ஒட்டினாலே இவ்வளவு இருக்கும்.

“காத்தமுத்து 061. பொன்னாயி 057” என்று கிருத்திக் திரையைப் பார்த்து முணுமுணுத்தான். “மூணு பேருமே பாஸ். அக்கா, இந்தப் பூஜ்ஜியம் வர்றதே மருந்து ரொம்பக் கம்மியா இருக்கிறவங்களுக்குத்தான். அப்படின்னா நான் தள்ளிவெச்சது…”

“இருக்கிறதிலேயே சுத்தமான இலையை.”

அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். ராஜப்ரியா அவனை விடவில்லை. “அழுவறதெல்லாம் அப்புறம். இந்தக் கருமத்தை முதல்லேர்ந்து ஒழுங்காச் சேர்க்கணும். எல்லா வரியும்.”

“இந்த மூணை மட்டும் திருத்தினா போதாதா? அந்தம்மா வெளிய…”

“மூணு தப்பா இருக்கிற பட்டியல்ல நாலாவது இல்லைன்னு யார் சொன்னது?”

---

இந்தத் தடவை எக்செல்லின் பக்கமே போகவில்லை. நோட்பேடைத் திறந்து அதில் ஒட்டினாள். நோட்பேடுக்கு எண் என்றும் எழுத்து என்றும் பேதம் தெரியாது. கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். 093 என்றால் 093.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கர்சரை வைத்து டெலீட் விசையை அழுத்த வேண்டும். கீழ்வரி மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும். சில வரிகளின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒளிந்திருந்தது, 0.0 093 என்று பிளவோடு நின்றது. அங்கே இன்னொரு டெலீட். பக்கம் மாறும் இடத்தில் தலைப்பு வரி நடுவில் வந்து குந்திக்கொண்டு, உடலையும் காலையும் பிரித்து வைத்திருந்தது.

“ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டா ஒரு நொடியில…” என்று ஆரம்பித்தான் கிருத்திக்.

“ஒரு நொடியில போட்டதுக்குத்தான் வாசல்ல ஒரு வண்டி நிக்குது. நீ பி.டி.எஃப்-ஐப் பார்த்து மேல்துண்டு, கீழ்த்துண்டு ரெண்டையும் வாய்விட்டு வாசி. நான் சேர்த்துட்டுச் சரிபார்க்கிறேன்.”

பாதியில் கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரு கூச்சல் போட்டுவிட்டு அதுவும் போனது. சேமிக்கவில்லை. இருட்டிய திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ராஜப்ரியா ஒரு வார்த்தை சொன்னாள். கிருத்திக் அதைக் கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தான்.

ஜெனரேட்டர் உறுமியது. மறுபடி முதலிலிருந்து.

வாசலில் மருதாம்பாளின் குரல் நின்றுபோயிருந்தது. அந்த அமைதி கத்தலைவிட மோசமாக இருந்தது. பொன்ராஜ் மட்டும் வந்து தலையை நீட்டினான். “மேடம், அந்தம்மா இலையைக் கையால கிளறி விட்டுட்டே உக்காந்திருக்கு. அடிச் சாக்கு ஓரம் சிவக்குதாம். சீக்கிரம்னு சொல்லச் சொல்லுச்சு. திட்டலை மேடம். சும்மா சொல்லுச்சு.”

“வந்துட்டேன்னு சொல்லுங்கண்ணே.”

“கே-14. மேல 0.0. கீழ 276” என்று வாசித்தான் கிருத்திக்.

“0.0276. சரி.”

“கே-15. 0.0. கீழ 402.”

“சரி.”

“கே-16. 0.0. கீழ 195.”

“சரி.”

“கே-17. 0.1. கீழ…”

அவன் நிறுத்தினான்.

“என்னது?”

“0.1, அக்கா. 0.0 இல்ல. 0.1. கீழ 120.”

விசைமேல் அவள் விரல் அப்படியே நின்றது. மேசையில் கிடந்த பழைய பிரிண்டைப் பார்த்தாள். கே-17: 0.0120. பாஸ். முதல் பாதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று கிருத்திக் அந்தப் பத்தியையே தூக்கி எறிந்தானே, அதில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அது ஒன்றாக இல்லை. உண்மையான எண் 0.1120. எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அளவு மீறி மருந்து அடித்த தோட்டம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பலகையில் இல்லை.

கிருத்திக் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். இலைக் கணக்கு எழுதுகிறவனுக்கு எந்தக் குறியீடு யாருடையது என்று தெரியும்.

“கே-18” என்றாள் ராஜப்ரியா. “வாசி.”

“அக்கா…”

“வாசின்னு சொன்னேன்.”

கடைசி வரைக்கும் வாசித்தார்கள். வேறு தவறு இல்லை. எல்லா எண்ணிலும் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம். எக்செல்லில் முதலில் அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் ஒட்டினாள். ஒரு பூஜ்ஜியமும் உதிரவில்லை.

---

மனோகரன் தாளையும் பெரிதாக்கிய பி.டி.எஃப்-ஐயும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கிருத்திக் தலைகுனிந்து நின்றான். திட்டு வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை. நீளமாக மூச்சு விட்டார்.

“அந்தம்மாவை உள்ள விடச் சொல்லு. மூணு பேரையும் எடுத்துக்கலாம். நான் போய் மன்னிப்புக் கேக்கறேன். ச்சே! ஒரு பூஜ்ஜியம்!”

“இன்னொண்ணு இருக்கு சார்” என்று கே-17 வரியில் விரலை வைத்தாள்.

அவர் படித்தார். மூச்சு பாதியில் நின்றது. “இது காலையில வந்த இலையா?”

“ஆமா சார். ரெண்டாம் நம்பர் ட்ரஃப்ல, மத்தவங்க இலையோட கலந்து காயுது.”

“அப்படின்னா அந்த ட்ரஃப் மொத்தமும்…” அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். “ராஜப்ரியா, யோசிச்சுப் பேசுவோம். மூணு பேரைத் தப்பாத் தள்ளிவெச்சோம், திருத்திட்டோம். நல்லது. இந்த ஒரு ஆளு… பட்டியல்ல பாஸ்னுதான் இருக்கு. யாரும் கேக்கப்போறதில்லை. ட்ரஃபைக் கொட்டச் சொன்னா ஓனர் என்னைக் கொட்டிடுவாரு. கொஞ்சம் நிதானமா, நாளைக்கு அந்த ஆளைத் தனியாக் கூப்பிட்டு எச்சரிச்சு விட்டுட்டா என்ன?”

அவர் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் ராஜப்ரியாவுக்கு வேண்டியதாக இருந்தது. சரி சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெளியே மருதாம்பாளும் சிரித்துக்கொண்டு இலையை இறக்குவார். எல்லாருக்கும் நல்லது. அவள் உதடு பிரிந்தது. கிருத்திக் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெளிநாட்டுக்காரன் கன்டெய்னரைத் திறந்து மறுபடி டெஸ்ட் பண்ணுவான் சார்” என்றாள். “அப்ப ஒரு ட்ரஃப் போகாது. ஃபேக்டரியே போகும். பக்கத்து ரெண்டு பூட்டோட இது மூணாவது பூட்டு. மருதாம்பாக்காவோட இலையை அப்புறம் எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்க?”

மனோகரன் கண்களை மூடித் திறந்தார். “நீ சொல்றது சரிதான். சரின்னு தெரிஞ்சுதான் எனக்கு எரிச்சலா வருது.” ரெண்டாம் நம்பர் ட்ரஃபை நிறுத்தச் சொல்லி இன்டர்காமில் கத்தினார். பிறகு களைத்த குரலில் கேட்டார்: “யாரும்மா அது, கே-17? நல்ல விவசாயியா, தகராறு பண்ற ஆளா?”

“பலகையில எழுதிட்டு வந்து சொல்றேன் சார்.”

---

மழை தூறலாகியிருந்தது. பொன்ராஜ் கேட்டை அகலத் திறந்தான். மருதாம்பாள் நம்பவில்லை. “நெசமாவா? திரும்பவும் ஏதாச்சும் சொல்லி எறக்கி விட்டுற மாட்டீங்கல்ல?” என்று மூன்று தடவை கேட்டார். மேனேஜரே நேரில் வந்து கைகூப்பிய பிறகுதான் இடுப்பிலிருந்து சாவி வெளியே வந்தது. ஓரம் சிவந்த ஒரே ஒரு சாக்கை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதெல்லாம் தராசுக்குப் போயிற்று.

“என்னாச்சு அம்மணி, என்ன கண்டுபிடிச்சே?”

“உங்க எண்ணுல ஒரு பூஜ்ஜியம் தொலைஞ்சு போயிருந்துச்சு அக்கா. அது கெடைச்சிடுச்சு.”

“ஒரு பூஜ்ஜியத்துக்கா என்னை இந்தப் பாடு படுத்துனீங்க?” மருதாம்பாள் சிரித்தார். அழுகையும் கூட வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப மருந்து அடிச்சவன் யாருமே இல்லையா?”

ராஜப்ரியா கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். ஈரத்துணியால் மூன்று பெயர்களையும் துடைத்தாள். கைபேசி பையில் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது.

இந்த மலையில் தோட்டத்தை யார் பார்த்துக்கொண்டாலும், யார் மருந்து அடித்தாலும், யார் இலையைக் கொண்டுவந்து கொட்டினாலும், பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரைத்தான் பலகையில் எழுதுவார்கள். அவள் சாக்பீஸை எடுத்தாள். கே-17 என்று எழுதினாள். பக்கத்தில் பெயரை எழுதும்போது சாக்பீஸ் ஒரு தடவை உடைந்தது. மிச்சத் துண்டால் எழுதி முடித்தாள்.

மருதாம்பாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகைக்குக் கிட்டே வந்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

“அம்மணி… இது உன்ற பேரு!”